மெனு போர்டை டேட்டாவா மாத்தும்போது 'தெரியாது'ன்னு எழுத இடம் வைங்க

1/ சின்ன ஹோட்டல்களும் இப்போ கியூஆர் மெனு வைக்கிறாங்க. போர்டுல இருக்கிறதை யாரோ ஒருத்தர் பெயர், விவரம், விலை, உணவுக் குறிப்புன்னு பிரிச்சு ஏத்தணும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பத்தி ஒரு டாக்டரா எனக்கு ஒரு கருத்து இருக்கு.

2/ உத்திரமேரூர் பக்கம் ஒரு மெஸ் போர்டு இப்படி இருக்குன்னு வைங்க: "ரவா தோசை 60 ஆனியன் 70 நெய் 80". இது ஒரு அயிட்டம் இல்ல, மூணு. அப்படியே வெட்டினா "ஆனியன், 70 ரூபாய்"னு ஒரு பதார்த்தம் வந்து நிக்கும். முன்னாடி இருக்கிற "ரவா தோசை"யை மத்த ரெண்டுக்கும் சேர்க்கணும். 70ங்கிறது முழு விலையா, கூடுதல் விலையாங்கிறதையும் பார்க்கணும். '+' இல்லாததால இங்க முழு விலை.

3/ இதுவரை தப்பு நடந்தா பில்லுல சண்டை வரும், அவ்வளவுதான். உணவுக் குறிப்புல தப்பினா உடம்புக்கு வரும்.

4/ ரவைன்னா கோதுமை. அதனால குளூட்டன் உண்டுன்னு பெயரை வச்சே எழுதலாம். ஆனா மாவுல மோர் ஊத்துறாங்களா, முந்திரி போடுறாங்களா? போர்டு சொல்லாது. மாஸ்டரைத்தான் கேக்கணும். கேக்குற வரைக்கும்:

```
{
  "name": "ஆனியன் ரவா தோசை",
  "description": "",
  "price": 70,
  "veg": "yes",
  "gluten": "yes",
  "milk": "unknown",
  "nuts": "unknown"
}
```

5/ பல மெனுக்கள்ல ஒரு டிக் பாக்ஸ்தான் இருக்கு. டிக் இல்லேன்னா 'இல்லை'யா, 'யாரும் கேக்கல'யா? படிக்கிறவர் 'இல்லை'ன்னுதான் எடுத்துப்பார்.

6/ இட்லி சாம்பாரைப் பாருங்க. அரிசி, உளுந்து, பருப்பு. கோதுமையே இல்லைன்னு தோணும். ஆனா சாம்பார்ல போடுற கூட்டுப் பெருங்காயத்துல பல பிராண்டுகள் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்குது. சீலியாக் நோய் இருக்கிறவங்களுக்கு வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்க்கிறதுதான் வைத்தியம். கொஞ்சமா இருந்தாலும் தினமும் உள்ளே போனா குடல் ஆறாது. டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படிச்ச பிறகுதான் இந்த அயிட்டத்துக்கு 'இல்லை' போடலாம். பிராண்டு மாறினா மறுபடியும் படிக்கணும்.

7/ பச்சைப் புள்ளி இதுக்கு உதவாது. அது சைவம்னு மட்டும்தான் சொல்லும். பால், நெய், முந்திரி, வேர்க்கடலை எல்லாமே பச்சைப் புள்ளிக்குள்ளதான் வரும். அதனால சைவம் தனிக் கட்டம், ஒவ்வாமைப் பொருள் ஒவ்வொண்ணும் தனிக் கட்டம்.

8/ எஃப்எஸ்எஸ்ஏஐயோட 2020 விதிகள் மெனுவுல ஒவ்வாமைத் தகவல் கேக்குது. ஆனா மத்திய உரிமம் உள்ள, இல்லேன்னா 10 இடத்துக்குக் குறையாம கிளை உள்ள உணவகங்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். நம்ம ஊர் மெஸ் அதுல வராது. ஆனா அங்க ஒரு வசதி இருக்கு: மாஸ்டர் பத்தடி தூரத்துல நிக்கிறார்.

9/ அதனால மெனு ஏத்துறவங்க பெயரையும் விலையையும் போர்டுல இருந்து எடுங்க. குறிப்பை அடுப்படியில கேட்டு எழுதுங்க. சாப்பிடுறவங்க 'தெரியாது'ன்னு பார்த்தா, ஆர்டர் கொடுக்கும் முன்னாடி கேட்டுக்குங்க.