உரிமைக் கடிதத்தை மூலையில் போடாதீர்கள்

"தம்பி, நான்கு பங்குக்கு ஒன்று இலவசம் என்றார்கள். விலை இறங்கிவிட்டதே!" என்றார் அக்கா. அவரிடம் 2 ரிங்கிட் விலையில் 1,000 பங்குகள் இருந்தன.

போனஸ் பங்கில் பங்குகளின் எண்ணிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். புதுப்பணம் எதுவும் வருவதில்லை. அதனால் 1,250 பங்குகள், விலை 1.60 ரிங்கிட். மொத்தம் அதே 2,000 ரிங்கிட்.

அக்கா மேசையில் இன்னொரு கடிதமும் கிடந்தது. ஐந்து பங்குக்கு ஒரு உரிமைப் பங்கு, விலை 1 ரிங்கிட். கணக்குப் போட்டுக் காட்டினேன். பழைய ஐந்தின் மதிப்பு 8 ரிங்கிட். புதியதற்கு 1 ரிங்கிட். ஆக 9 ரிங்கிட்டை ஆறு பங்குகளால் வகுத்தால் 1.50. உரிமை பிரிந்தபின் விலை ஏறக்குறைய இங்கேதான் நிற்க வேண்டும். சந்தையில் சற்று முன்பின் ஆகலாம்.

250 ரிங்கிட் கட்டினால் 1,500 பங்குகள், 2,250 ரிங்கிட். நட்டமில்லை. சும்மா விட்டால் 1,250 பங்குகள், 1,875 ரிங்கிட். 125 ரிங்கிட் போய்விடும்.

"கட்டப் பணமில்லையே?" என்றார்.

அந்த உரிமைகளையே விற்கலாம் என்று கடிதத்தில் இருந்தது. ஒன்று சுமார் 50 சென் பெறும். ஆனால் பங்குச் சந்தையில் அவை சில நாள்களே விற்பனையில் இருக்கும். கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அக்கா அன்றே தரகரை அழைத்தார்.