இரண்டு இடம் போதும், வாப்பா

போன வருடத்துக்கு முந்திய டிசம்பர் லீவில் நாங்கள் வேன் பிடித்துக் கொழும்புக்குப் போனோம். இரண்டு நாளில் பதினான்கு இடம். வாப்பா ஒரு தாளில் எழுதி, பார்த்து முடிந்ததைப் பேனையால் வெட்டிக்கொண்டே வந்தார். ஊருக்குத் திரும்பியதும் மூத்தம்மா என்னிடம், "கொழும்புல என்ன புள்ள கண்ட?" என்று கேட்டா. எனக்குச் சொல்ல வந்தது வேனின் சன்னல் கண்ணாடியும் தம்பி சத்தி எடுத்த இடமும்தான்.

அதனால் இந்த லீவுக்கான திட்டத்தை நான் போடுகிறேன் என்று கேட்டு வாங்கினேன். என் கட்சி இதுதான்: ஒரு நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு பகுதியையும், அதற்குள் இரண்டு இடங்களையும் மட்டும் எழுத வேண்டும். மிச்ச நேரத்தை வெறுமையாக விட வேண்டும். வாப்பா உடனே, "மூணு நாளைக்கு ஆறு இடமா? அதுக்கா ராவு பஸ்ஸில எட்டு மணித்தியாலம் போற?" என்றார். உம்மாவின் முழங்கால் வருத்தம் என் பக்கம் நின்றதால்தான் நான் வென்றேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

திட்டம் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது கிழமை. இதை நான் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டேன். புறக்கோட்டையை வேலை நாளில் பார்க்கப் போனால் கட்டடங்களைப் பார்க்க முடியாது. லொறியும் தள்ளுவண்டியும் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரும் நிறைந்த தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் பிழைப்பு அது, பிழை நம்முடையது. ஞாயிறு காலையில் அங்கே பல கடைகள் பூட்டியிருக்கும். தெரு அகலமாகிவிடும். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை புத்தகம் தேடுவதற்குத் தோதான நாள் அல்ல. ஆகவே கட்டடத்துக்கு ஞாயிறு, நூதனசாலைக்குத் திங்கள், புத்தகத்துக்குச் செவ்வாய் என்று பிரித்தேன். போயா தினம் குறுக்கே வருகிறதா என்று கலண்டரில் பார்த்துக்கொண்டேன். ஒரு நட்டமும் வந்தது. பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸின் பழைய வீட்டில் 43 குழு ஓவியர்களின் படங்கள் சுவரெல்லாம் தொங்குகின்றன. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் போன்றவர்களை ஒரு வீட்டுக்குள் இருந்து பார்ப்பது போலப் பார்க்கலாம். அது வாரத்தில் சில நாட்கள்தான் திறக்கும், எங்கள் நாட்களோடு பொருந்தவில்லை. அதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மனம் கொஞ்சம் நொந்தது.

ஞாயிறு காலை ஏழரைக்கே தெமட்டகொடையில் மாமி வீட்டிலிருந்து இறங்கிவிட்டோம். கொழும்பில் பத்து மணிக்குப் பிறகு வெயிலில் நடப்பது உம்மாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் முடியாது. முதல் இடம் கோட்டையில் யோர்க் வீதியில் உள்ள கார்கில்ஸ் கட்டடம். 1902 இல் அடிக்கல் வைத்து 1906 இல் திறந்த கடை அது. சிவப்பும் வெள்ளையுமான நீண்ட முகப்பு, கீழே வெயில் படாமல் நடக்கக்கூடிய வளைவு நடைபாதை. அங்கிருந்து பக்கத்தில்தான் மணிக்கூட்டுக் கோபுரம். 1857 இல் கட்டிய அந்தக் கோபுரத்தை வடிவமைத்தவர் அன்றைய ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். பிறகு 1867 இலிருந்து அதையே கலங்கரை விளக்கமாகவும் பாவித்தார்கள். இது என் இரண்டு இடங்களில் ஒன்றல்ல. போகும் வழியில் தானாகக் கிடைத்தது. வெறுமையாக விட்ட நேரத்தில் இப்படித்தான் ஏதாவது வந்து சேர்கிறது.

இரண்டாவது இடம் இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், நம்மவர்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று சொல்வது. 1908 இல் தொடங்கி 1909 இல் கட்டி முடித்திருக்கிறார்கள். ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை வடிவமைத்தது. பதினான்கு இடம் பார்த்த அந்தப் பயணத்தில் வேன் இதன் முன்னால் மெதுவாகப் போயிருக்கிறது. "அந்தா செவத்தப் பள்ளி" என்று வாப்பா கை காட்ட, நாங்கள் திரும்புவதற்குள் அது போய்விட்டது.

இம்முறை எதிர்ப்பக்கத் திண்ணையில் முக்கால் மணித்தியாலம் இருந்தோம். முதல் ஐந்து நிமிடத்தில் தெரிவது சிவப்பு வெள்ளைக் கோடு மட்டும்தான். பத்து நிமிடம் ஆனதும் அந்தக் கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பது தெரிய வந்தது. சில தூண்களில் அவை முறுக்கிக்கொண்டு ஏறுகின்றன, சில இடத்தில் சதுரங்கப் பலகை போல மாறுகின்றன. மேலே உள்ள குவிமாடங்கள் மாதுளம்பழம் போன்றவை. தம்பிதான் முதலில், "மாதுளங்காய்" என்றான். பிற்காலத்தில் பள்ளியைப் பெருப்பித்திருக்கிறார்கள். பழைய பகுதி எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று தேட ஆரம்பித்தோம். வாப்பா ஒரு இடத்தைக் காட்டினார், நான் இன்னொரு இடத்தைக் காட்டினேன். உள்ளே பார்க்கலாமா, பெண்கள் தொழ இடம் உண்டா என்பதை மாமி மூலம் முன்பே விசாரித்து வைத்திருந்தோம். பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் கழிவறை எங்கே இருக்கிறது என்பதையும் திட்டத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். அது தெரியாமல் போனால் பதினொரு மணிக்கே எல்லோரும் வீட்டுக்குப் போவோம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

திரும்பும்போது உம்மா ஒன்று கேட்டா. காலையில் பார்த்த கடையும் சிவப்பு வெள்ளை, பள்ளியும் சிவப்பு வெள்ளை, ரெண்டுக்கும் ரெண்டு மூணு வருஷம்தானே வித்தியாசம், ஒன்றைப் பார்த்து மற்றதா என்று. எனக்கு விடை தெரியாது. ஆனால் பதினான்கு இடம் பார்த்த பயணத்தில் உம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கறுவாத்தோட்டம். 1877 ஜனவரி முதலாம் திகதி திறந்த தேசிய நூதனசாலையைக் கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்பதை நம்மில் பலர் கேட்டிருப்போம். வேலை முடிந்ததும் என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கிரகரி கேட்டாராம், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னாராம். அந்தக் கதையைப் புல்வெளியில் இருந்து அந்த வெள்ளை விறாந்தைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னால் தம்பிகூடக் கேட்கிறான்.

உள்ளே எல்லா அறைகளையும் பார்க்கக் கூடாது என்பது என் கண்டிப்பு. நூதனசாலைக்குள் ஒரு மணித்தியாலம் போனதும் கண் பார்க்கும், மனம் பார்க்காது. கால் தானாக வேகம் பிடித்து, விளக்கப் பலகையை வாசித்துவிட்டுப் பொருளைப் பார்க்காமல் அடுத்ததுக்குப் போனால் அதுதான் அடையாளம். அப்போது வெளியே வந்துவிட வேண்டும். நாங்கள் ஒரு கல்லுக்காகப் போனோம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலியில் நிறுத்துவதற்காக 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு. 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்களாம். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய முறையிலும் காணிக்கை சொல்லியிருக்கிறது. மூன்று மொழி பேசுகிறவர்களுக்கும் அவரவர் மொழியில், அவரவர் வணங்கும் பெயரில் எழுதியிருக்கிறார்கள். எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, பாரசீகப் பகுதிதான் கூடச் சிதைந்திருக்கிறது. நான் உயர்தரத்துக்குத் தமிழும் வரலாறும் படிக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்து போன கல் என்னை விட உயரமா இல்லையா என்பதைக்கூட அன்றுதான் அறிந்தேன். தமிழ்ப் பகுதியில் ஓர் எழுத்தையாவது அடையாளம் காண வேண்டும் என்று நின்றேன். இரண்டு எழுத்து என்று நினைக்கிறேன், சத்தியம் பண்ண மாட்டேன்.

பின்னேரம் பக்கத்தில் உள்ள பசும்பாதையில் நடைபாதை ஓவியர்களின் படங்களைப் பார்த்தோம். இன்னும் நேரம் இருந்ததால் பேரை வாவிக்குப் போய் சீமமாலக்கத்தை வெளியிலிருந்து பார்த்தோம். ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்த விகாரை மண்டபத்துக்குப் பணம் கொடுத்தவர் தன் மகனின் நினைவாகக் கொடுத்த எஸ். எச். மூஸாஜி என்ற முஸ்லிம் வர்த்தகர். வாப்பாவுக்கு இது புதினமாக இருந்தது, மாமி வீட்டில் போய் எல்லோருக்கும் சொன்னார்.

செவ்வாய் மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தை ஓரத்துப் பழைய புத்தகக் கடைகள். புத்தகத்தைக் கடைசி நாளுக்கு வைத்ததற்குக் காரணம் பாரம்தான். முதல் நாளே வாங்கினால் மூன்று நாளும் சுமக்க வேண்டும். அங்கே ஆங்கிலமும் சிங்களமும்தான் குவிந்து கிடக்கின்றன. தமிழ்ப் புத்தகம் அடுக்கின் அடியில் இருக்கும், கேட்டால் எடுத்துத் தருவார்கள். புதிய தமிழ் நூல் வேண்டுமானால் செட்டியார் தெருவில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குப் போவதுதான் சரி. பழைய புத்தகம் வாங்கும்போது விலை பேசுவதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நான் முதலில் எடுத்த சிறுகதைத் தொகுதியில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை, தையல் விட்டு ஒரு மடிப்பு முழுதாகக் கழன்றிருந்தது. முதுகைத் தடவினால் தெரியும், நடுவில் ஒரு இடம் மெத்தென்று அமுங்கும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினால் மாவு போலக் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் பூச்சி இருக்கிறது, வீட்டு அலுமாரிக்குள் கொண்டுபோகக் கூடாது.

பெண் பிள்ளை தெருவோரத்தில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டுவதா என்று பெற்றோர் சிலர் நினைப்பார்கள். என் வாப்பாவும் அப்படித்தான், பத்து நிமிடம் எனக்குக் காவல் நிற்பவர் போல நின்றார். "எடுத்தது காணும், வா மகள்" என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் கொடுத்த சின்ன முக்காலியில் இருந்து, அட்டை கிழிந்த ஒரு கணிதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பள்ளியில் படித்த அதே புத்தகமாம். ஒரு கணக்கைக் காட்டி, "இதுக்குத்தான் எனக்கு அடி விழுந்த" என்றார். அதைச் செய்து முடிக்க என்னிடம் பேனை கேட்டார்.

மாமி வீட்டுப் பகல் சோற்றுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மூன்றரைக்கு.