வங்கி வாசிக்கும் விதி

அரசுப் பள்ளி ஒன்றில் படித்த நாற்பது பேர் சேர்ந்து, ஆண்டுதோறும் பத்துப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்ட முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் பணம் பொருளாளரின் சொந்தக் கணக்கில் சேர்கிறது. அவர் நாணயமானவர்தான். ஆனால் நாளை அவர் இறந்துபோனால், வங்கி அந்தப் பணத்தை அவருடைய நாமினியிடமோ வாரிசுகளிடமோதான் கொடுக்கும். சங்கம் என்று ஒன்று இருப்பதே வங்கிக்குத் தெரியாது.

அதனால் பதிவு செய்யலாம் என்று கிளம்புகிறார்கள். அறக்கட்டளையா, சங்கமா? "டிரஸ்ட் சுலபம், ஒரே நாளில் முடிந்துவிடும்" என்று பத்திரம் எழுதுபவர் சொல்வார். சுலபம் என்பது உண்மை. ஒருவர் பத்திரம் எழுதி, அறங்காவலர்களின் பெயரைச் சேர்த்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் போதும். ஆனால் பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் அந்த அறங்காவலர்களை யாரும் தேர்தல் வைத்து மாற்ற முடியாது. சந்தா கட்டும் மற்றவர்கள் நன்கொடையாளர்களாகவே நிற்பார்கள். பத்திரத்தைத் திருத்தும் அதிகாரத்தை எழுத மறந்திருந்தால், பின்னாளில் ஒரு சின்ன மாற்றத்துக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். ஒரு குடும்பம் தன் சொத்தைத் தர்மத்துக்கு ஒதுக்க அறக்கட்டளை பொருத்தமானது. ஆண்டுதோறும் கூடி, கணக்குக் கேட்டு, தலைவரை மாற்ற நினைக்கும் நாற்பது பேருக்குச் சங்கம்தான் சரி என்பது என் திடமான கருத்து.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் போதும். மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். நோக்கங்களைச் சொல்லும் விவரக் குறிப்பும், நிர்வாகத்தைச் சொல்லும் துணைவிதிகளும் வேண்டும். நோக்கங்களை மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு, துணைவிதிகளை வேறொரு சங்கத்திடமிருந்து அப்படியே நகலெடுப்பதுதான் வழக்கம். வங்கி முதலில் புரட்டுவது அந்தத் துணைவிதிகளைத்தான். யார் கணக்குத் தொடங்கலாம், யார் காசோலையில் கையெழுத்திடலாம், இருவர் சேர்ந்தா, மூவரில் எவரேனும் இருவரா என்று அதில் தேடுவார்கள். "வங்கிக் கணக்கைப் பொருளாளரும், தலைவர் அல்லது செயலாளரும் கூட்டாக இயக்குவர்" என்ற ஒரு வரி அங்கே இருக்கட்டும். அங்கே ஆட்களின் பெயரை எழுதிவிட்டால், ஆள் மாறும்போதெல்லாம் விதியைத் திருத்த வேண்டும். பதவியைத்தான் எழுத வேண்டும். பெயர்கள் தீர்மானத்தில் வரட்டும்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த வேலை சங்கத்தின் பெயரில் பான் அட்டை. நம் சான்றிதழில் பெயர் தமிழில் இருக்கும். பான் அட்டையில் ஆங்கிலத்தில் வரும். ஒன்றில் 'சங்கம்', இன்னொன்றில் 'அசோசியேஷன்' என்றிருந்தால் வங்கி இரண்டையும் ஒரே அமைப்பாக ஏற்கத் தயங்கும். பதிவுக்கு மனுப் போடும்போதே ஆங்கில எழுத்தில் பெயர் எப்படி அமையும் என்று முடிவுசெய்து, துணைவிதியிலும் அதை எழுதிவைத்தால் இந்த அலைச்சல் இல்லை.

வங்கிக்குப் போகும்போது சான்றிதழ், துணைவிதிகள், பான், கணக்குத் தொடங்கும் தீர்மானம், நிர்வாகக் குழுவின் பட்டியல், கையெழுத்திடுவோரின் ஆதாரும் பானும் வேண்டும். தீர்மானத்தில் வங்கியின் பெயர், கிளை, கையெழுத்திடுவோர், அவர்கள் சேர்ந்து இயக்கும் முறை எல்லாம் இருக்க வேண்டும். தர்ம காரியம் செய்யும் சங்கம், அறக்கட்டளை என்றால் நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிந்திருக்கிறதா என்றும் கேட்பார்கள். 2023-இல் பணமோசடித் தடுப்பு விதிகள் மாற்றப்பட்டதிலிருந்து அந்த விவரத்தைப் பதிவது வங்கியின் கடமையாகிவிட்டது. மேலாளர் நம்மைச் சந்தேகிக்கிறார் என்று கோபப்பட வேண்டாம். சங்கத்தின் பெயருக்குப் பின்னால் பணத்தை ஆளும் மனிதர்கள் யார் என்று அவர் எழுதிவைத்தாக வேண்டும்.

சேமிப்புக் கணக்கு கேட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற சங்கத்துக்கு அதைத் தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. அறக்கட்டளைக்கோ, அதன் வருமானம் முழுவதற்கும் வரிவிலக்கு இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் வட்டியில்லாத நடப்புக் கணக்குதான்.

உண்மையான சிக்கல் மூன்று வருடம் கழித்து வரும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். தேர்தல் நடந்து புதுப் பொருளாளர் வந்திருப்பார். மாற்றத்தைப் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவித்திருக்க மாட்டார்கள். வங்கியோ அந்தப் படிவத்தின் சான்றிட்ட நகலைக் கேட்கும். அதற்குள் பழைய அணி, "தேர்தல் செல்லாது" என்று கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், கணக்கு முடங்கிவிடும். எந்த அணி சரி என்று தீர்ப்பளிப்பது வங்கியின் வேலை அல்ல. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது. ஆகவே பொதுக்குழு அறிவிப்பு அனுப்பிய சான்று, வந்தவர்களின் கையெழுத்து, நடவடிக்கைக் குறிப்பு மூன்றையும் தேர்தல் நாளிலேயே முடித்து, படிவம் 7-ஐத் தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து மாற்றக் கடிதத்தில் பழைய பொருளாளரும் ஒப்பமிட்டால் வங்கியில் வேலை இன்னும் விரைவாக முடியும்.