"அட்வான்ஸ் திரும்பி வரும் காசுதானே?" என்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வாடகை வீட்டில் இருப்பவர்களும் வீடு தேடிக்கொண்டிருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் படித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். புதிதாக வீடு பார்த்திருக்கிறான். வீட்டுக்காரர் இரண்டு விதமாகச் சொன்னாராம். அட்வான்ஸ் 50,000 என்றால் வாடகை 13,500. அட்வான்ஸ் 3 லட்சம் என்றால் வாடகை 12,000. "மாசம் 1,500 மிச்சம் சார். அட்வான்ஸ் எப்படியும் திரும்பி வர்ற காசுதானே?" என்றான். 3 லட்சத்துக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். கையில் 50,000 இருந்ததாம். மீதி இரண்டரை லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைத்திருக்கிறான், ஒரு வட்டிக்கு.

அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். இரண்டரை லட்சத்துக்கு மாத வட்டி 2,500 ரூபாய். 1,500 மிச்சம் பிடிக்க 2,500 கட்டுகிறான். மாதம் 1,000 நஷ்டம். 11 மாத அக்ரிமென்ட் முடிவதற்குள் 11,000 ரூபாய் போய்விடும். நகையும் வீட்டில் இல்லை.

"திரும்பி வரும் காசு" என்ற பேச்சுதான் நம்மை ஏமாற்றுகிறது. அசல் திரும்பி வரும், சரி. நம்மிடம் இருந்திருந்தால் அது ஈட்டியிருக்கும் வட்டி திரும்பி வருமா? அந்த வட்டியும் நாம் கொடுக்கும் வாடகைதான். ரசீதில் எழுதாத வாடகை.

இதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்த தனிவட்டிதான். வாடகை வித்தியாசத்தை 12-ஆல் பெருக்குங்கள். 1,500 × 12 = 18,000. அதை அட்வான்ஸ் வித்தியாசமான 2,50,000-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 7.2 வரும். அதாவது அதிக அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரர் உங்கள் பணத்துக்கு வருஷம் 7.2 சதவீத வட்டியை வாடகைக் குறைப்பாகத் தருகிறார். இப்போது ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: அந்தப் பணம் உங்களுக்கு என்ன வட்டியில் கிடைக்கிறது?

கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும் என்றால் 7.2-க்குக் குறைவாக யாரும் தரப்போவதில்லை. ரெண்டு வட்டிக்கு வாங்கினால் 24 சதவீதம், மாதம் 5,000 ரூபாய். அதற்குக் கூடுதல் வாடகையே மேல்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயமாகச் சொல்கிறேன். பணம் சொந்தமாக பேங்கில் சும்மா கிடந்தால் கணக்கு மாறும். சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணத்துக்கு 3 சதவீதம் வந்தாலே அதிகம். அதற்கு 7.2 நல்ல லாபம். 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் மாதம் 1,458 வரும்; 1,500-க்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் அந்த வட்டிக்கு வருமான வரி உண்டு. 20 சதவீத வரி கட்டுபவருக்குக் கையில் நிற்பது சுமார் 1,150 தான். வாடகையில் மிச்சமாகும் 1,500-க்கு வரி கிடையாது. அப்படிப்பட்டவர்கள் அதிக அட்வான்ஸ் கொடுப்பதில் தப்பில்லை.

ஆனால் அவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. பேங்க் டெபாசிட் கேட்ட அன்று வரும். வீட்டுக்காரரிடம் உள்ள பணம், "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்ற பதிலோடு நிற்கும். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டிய அதே வாரத்தில்தான் இது நடக்கும். அப்போது அந்த இரண்டரை லட்சத்தை இரண்டு மாதம் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் 10,000 ரூபாய் போச்சு. ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் பிடித்தது இரண்டே மாதத்தில் காலி. பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்தால் அது தனி. அதனால் 7 வட்டிக்கு 7.2 என்பது போதாது. இரண்டு மூன்று சதவீதமாவது கூடுதலாகக் கிடைத்தால்தான் கொடுக்கலாம்.

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்பதை நாம் வாயைத் திறக்காமல் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம். "மூன்று மாதம் என்றால் வாடகை எவ்வளவு?" என்று கேளுங்கள். அந்த எண் கிடைத்தால்தான் கணக்கே போட முடியும். கொடுக்கும் பணத்தை பேங்க் வழியாகக் கொடுங்கள். எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்பதை அக்ரிமென்டில் எழுதி வாங்குங்கள்.

உங்கள் வீட்டு அட்வான்ஸ், வாடகை இரண்டையும் கீழே எழுதுங்கள். கணக்கை நீங்களே போட்டு விடையையும் எழுதுங்கள். நான் திருத்தித் தருகிறேன்.