எதுகையைத் தூக்கி எறிஞ்சிட்டு 'கருத்தைக் காப்பாத்தினோம்' என்று சொல்லாதீங்க

தமிழில் வருகிற மொழிபெயர்ப்புக் கவிதைகளில் ஒரு வழக்கம் ஊறிப்போய்க் கிடக்கு. மூலத்தில் சந்தமும் இயைபும் கெட்டியாக இருந்தாலும் தமிழில் அது வசனத்தை உடைச்சு அடுக்கின வரிகளாகத்தான் வரும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "ஓசையை விட்டோம், கருத்தைக் காப்பாத்தினோம்." முகத்துவாரத்தில் கூடி வாசிக்கிற நாங்கள் இந்தப் பதிலை இனி ஏற்கிறதாக இல்லை. எங்களில் சிலர் ரஷ்ய மொழி படிக்கிறோம். ஆங்கிலக் குறுங்கவிதைகள் ரஷ்யனுக்குள் போன கதையைப் பார்த்தால் இந்தப் பதில் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று விளங்கும்.

ரஷ்யர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? 1919 இல் 'உலக இலக்கியம்' பதிப்பகம் தன்னுடைய மொழிபெயர்ப்பாளர்களுக்காக ஒரு சின்னக் கைநூல் போட்டது. அதில் கவிஞர் குமில்யோவ் ஒன்பது கட்டளைகள் எழுதினார். எத்தனை வரி, என்ன சந்தம், இயைபு எப்படி மாறி மாறி வருது, வாக்கியம் வரியைத் தாண்டி ஓடுதா, சொற்கள் எந்த வகை, உவமை எந்த வகை, தொனி எங்கே மாறுது. இதையெல்லாம் காப்பாத்து என்றார். 'ஒவ்வொரு சொல்லின் பொருளையும் காப்பாத்து' என்ற கட்டளை அந்த ஒன்பதில் இல்லை. அது முடியாது என்று அவருக்குத் தெரியும். கவிதை மொழிபெயர்க்கிறவர் எதையோ இழந்துதான் ஆகவேண்டும், எதை இழக்கலாம் என்பதுதான் கேள்வி.

ஒரு கவிதையை எடுத்துப் பார்ப்போம். வில்லியம் பிளேக்கின் புலிக் கவிதை, 1794. ஆறு பத்தி, இருபத்துநாலு வரி. புலியை ரெண்டு தரம் கூப்பிட்டு, இரவின் காடுகளில் அது எரியுது என்று சொல்லி, எந்த அழியாத கை அல்லது கண் உன்னுடைய பயங்கரமான ஒழுங்கைச் சமைக்க முடிஞ்சது என்று கேக்குது. கடைசிப் பத்தி முதல் பத்தியேதான், ஒரே ஒரு சொல் மட்டும் வேறு. முதலில் 'முடிஞ்சது' என்று இருந்தது கடைசியில் 'துணிஞ்சது' என்று மாறுது. ஆட்டுக்குட்டியைப் படைச்சவரா உன்னையும் படைச்சார் என்ற கேள்விக்குப் பிறகு இந்த மாற்றம் வருது. படைப்பு வல்லமையைப் பற்றின கேள்வி அந்த ஒரு சொல்லில் படைத்தவரின் நெஞ்சுரத்தைப் பற்றின கேள்வியாகத் திரும்புது. கவிதையின் கீல் இதுதான்.

வரிகள் பெரும்பாலும் ஏழு சிலபிள். (நம்முடைய யாப்பின் அசை வேறு, அதனால் சிலபிள் என்றே சொல்லுறோம்.) அழுத்தம், தளர்வு, அழுத்தம், தளர்வு என்று போய் வரி அழுத்தத்தில் டக்கென்று நிக்கும். பட்டறையில் சம்மட்டி விழுகிற சத்தம் அது. கவிதைக்குள்ளும் சம்மட்டியும் உலையும் வருது. அப்ப இந்தச் சந்தத்தை எடுத்துவிட்டால் போகிறது வெறும் அலங்காரம் இல்லை. புலியை அடிச்சு உருவாக்குகிற சத்தமே போயிடும்.

இப்ப ரஷ்யன். முதல் இடறல் புலியிலேயே. ஆங்கிலத்தில் அது ரெண்டு சிலபிள், அழுத்தமும் தளர்வும். ரஷ்யனில் 'திக்ர்', ஒரே சிலபிள். ரெண்டு தரம் கூப்பிட்டால் ரெண்டு அழுத்தம் ஒன்றோடு ஒன்று மோதும். பால்மோந்த் என்ற கவிஞர் அந்தக் கடைசி 'ர்'ஐ இழுத்து ரெண்டு சிலபிளாக வாசிக்கவச்சார். சாமுயில் மார்ஷாக் நடுவில் 'ஓ' என்று ஒரு விளியைப் போட்டு இடைவெளியை நிரப்பினார்.

அடுத்தது இடநெருக்கடி. ஆங்கிலத்தில் ஒரு சிலபிள் சொற்கள் குவிஞ்சு கிடக்கு. ரஷ்யச் சொற்கள் நீளமானவை. பிரகாசமாக எரிகிறதை ஆங்கிலம் மூன்று சிலபிளில் முடிக்குது, மார்ஷாக்குக்கு ஐந்து தேவைப்பட்டது. அதே ஏழு சிலபிள் வரிக்குள் ஆங்கிலம் ஆறு சொல் வைக்கும் இடத்தில் ரஷ்யன் மூன்று நாலு சொல்தான் வைக்கும். ஆக எதையோ வெளியே விடவேணும்.

பால்மோந்த் என்ன செய்தார்? ஏழு சிலபிளையும் அழுத்தத்தில் முடிகிற அடியையும் காப்பாத்தினார். காடுகள் பன்மையிலேயே இருக்கு. கை, கண் ரெண்டில் கண்ணை வச்சுக்கொண்டு கையை விட்டார், ஒழுங்கையும் விட்டார். இதெல்லாம் பொறுக்கலாம். ஆனால் 'உன்னை' என்ற சொல்லுக்கு இயைபு தேடி 'லியுப்யா' என்ற சொல்லைச் சேர்த்தார். 'அன்போடு' என்று பொருள். அன்போடு பார்த்த ஒரு கண் இந்தப் பயங்கரமான புலியைப் படைச்சதாம்! பிளேக் இருபத்துநாலு வரியாகக் கேட்டு பதில் சொல்லாமல் விட்ட கேள்விக்கு, இயைபுக்காக வந்த ஒரு நிரப்புச் சொல் முதல் பத்தியிலேயே பதில் சொல்லிப்போட்டுது. இழப்பைவிட ஆபத்தானது இந்தச் சேர்ப்பு. இழந்ததை வாசகர் சில நேரம் ஊகிக்கலாம். சேர்த்ததை அவர் மூலம் என்றே நம்புவார்.

மார்ஷாக் இன்னும் கெட்டிக்காரர். பிளேக்கோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினவர். இரவின் காடுகள் அவரிடம் நள்ளிரவின் அடர்புதர் ஆச்சு. புதருக்கான 'சாஷ்ஷா' என்ற சொல் எரிகிறதுக்கான சொல்லோடு இயைகிறதுதான் காரணம். அழுத்தத்தில் நிக்கவேண்டிய அந்த ரெண்டு வரியும் ஒரு தளர்ந்த சிலபிளோடு முடியுது, சம்மட்டி கொஞ்சம் மெதுவாக விழுது. ஆனால் அவருடைய உண்மையான தந்திரம் வேற இடத்தில் இருக்கு. ஒரே பத்தி முதலிலும் கடைசியிலும் வருதுதானே? சுமையை ரெண்டாகப் பிரிச்சார். ஒழுங்கை முதல் பத்தியில் வச்சார், பயங்கரத்தையும் அழியாத கையையும் கடைசிப் பத்தியில் வச்சார். முழுக் கவிதையையும் கூட்டிப் பார்த்தால் கண்ணைத் தவிர கிட்டத்தட்ட எல்லாம் வந்து சேர்ந்திருக்கு.

அதுக்கு அவர் கொடுத்த விலை அந்தக் கீல். ரெண்டு பத்திக்கும் வேற வேற வரி எழுதினதால் 'ஒரே ஒரு சொல் மாறுது' என்ற அதிர்ச்சி போச்சு. யாரால் நினைக்கப்பட்டாய் என்று முதலில் கேட்டு, யாருடைய கையால் படைக்கப்பட்டாய் என்று முடிக்கிறார். துணிவு எங்கேயும் இல்லை. இந்த இடத்தில் நாங்கள் மார்ஷாக்கோடு சண்டை பிடிக்கிறோம். ரஷ்யனில் 'முடிஞ்சது' என்பதுக்கு 'மோக்' இருக்கு, 'துணிஞ்சது' என்பதுக்கு 'ஸ்மேல்' இருக்கு. ரெண்டும் ஒரு சிலபிள், ரெண்டும் அழுத்தம். ஒன்றைக் கழட்டி மற்றதை மாட்ட அந்த மொழியே வழி விட்டிருக்கு. ஒழுங்கையோ அழியாமையையோ விட்டுப்போட்டு இந்த மாற்றத்தைக் காப்பாத்தியிருக்கலாம். எல்லாத்திலும் கொஞ்சம் காப்பாத்தப் போய், எது இல்லாவிட்டால் கவிதை இல்லையோ அதைக் கைவிட்டார்.

இந்தக் கணக்கை எப்படிச் செய்யலாம் என்று காஸ்பரோவ் என்ற ஆய்வாளர் ஒரு வழி காட்டினார். மூலத்தைச் சொல்லுக்குச் சொல் உரைநடையாக எழுது. மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வை. முக்கியமான சொற்களில் எத்தனை தப்பிச்சிருக்கு என்று எண்ணு, எத்தனை புதுசாக நுழைஞ்சிருக்கு என்று தனியாக எண்ணு. பேனையும் தாளும் போதும். ஆனால் எண்ணிக்கை ஒரு சொல்லை இன்னொரு சொல்லுக்குச் சமமாகத்தான் வைக்கும். 'லியுப்யா' வெறும் ஒரு சேர்ப்பு, துணிவு வெறும் ஒரு இழப்பு. அதனால் எண்ணுறதுக்கு முதல் கவிதையின் கீல் எது என்று முடிவு எடுக்கவேணும். எங்கட வரிசை இதுதான்: கீலைத் தொடாதே. கவிதையின் பேச்சோடு ஒட்டின சந்தத்தைத் தொடாதே. அடைமொழியை, பன்மையை, ரெண்டில் ஒரு பெயரை விடலாம். மூலத்தின் கேள்விக்குப் பதில் சொல்லுற நிரப்புச் சொல் இயைபைக் கொண்டுவந்தால், அந்த இயைபையே விடு.

இங்கே எங்கட எதிர்த்தரப்பு நபோக்கோவைத் தூக்கிக்கொண்டு வரும். புஷ்கினின் 'ஒனேகின்' நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகேக்க அவரே இயைபைக் கைவிட்டாரே என்று கேக்கும். கைவிட்டார்தான். ஆனால் 1964 இல் வந்த அந்தப் பதிப்பு நாலு தொகுதி, பெரும்பகுதி விளக்கவுரை. இழந்த ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டினவர் அவர். ஒரு அடிக்குறிப்பும் இல்லாமல் வசனத்தை உடைச்சு அடுக்கிறவங்க அவருடைய பெயரைச் சொல்லவேண்டாம்.

இன்னொரு சாட்டு இருக்கு: "ரஷ்யனில் இயைபு லேசு, தமிழில் கஷ்டம்." கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ரஷ்யனில் இயைபு ஏன் லேசு? சொல்லின் வாலில் வேற்றுமையும் காலமும் ஒட்டுது, சொற்களை வரிக்குள் இடம் மாத்தலாம். தமிழிலும் அப்படித்தான். ரஷ்யனுக்கு என்ன கஷ்டம்? சொல் நீளம். தமிழிலும் அதே கஷ்டம். வினைமுற்றாலே இயைபு கட்டுறது மலிவு என்று ரஷ்யக் கவிஞர்களும் முகம் சுளிப்பாங்க. 'வந்தான், நின்றான்' என்று அடுக்கினால் நமக்கும் காது கூசும். இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிட ரஷ்யன்தான் நமக்குப் பக்கத்து வீடு. அதோடு வரியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் நம்மிடம் இருக்கு. கடைசி இயைபு ஒரு பொய்யான சொல்லைக் கேட்டால், ஓசையை வரியின் தலைக்கு மாத்த நமக்கு வழி இருக்கு. ரஷ்ய யாப்பு மார்ஷாக்குக்கு அந்த வழியைக் கொடுக்கவில்லை.

இது நடக்காத காரியமும் இல்லை. ஆங்கில லிமெரிக்கின் ஐந்து வரிக் கட்டை, இயைபோடும் குறும்போடும், மஹாகவி 'குறும்பா'வாகத் தமிழில் நாட்டினார். 1966 இல் புத்தகமாகவும் வந்தது. அவை மொழிபெயர்ப்புகள் இல்லை. ஆனால் இந்தத் தீவின் பேச்சுத் தமிழ் அந்த அளவு இறுக்கமான கட்டுக்குள் மூச்சுத் திணறாமல் நிக்கும் என்பதுக்கு அதுவே சாட்சி. அறுபது வருஷமாகச் சாட்சி இருக்கேக்க 'முடியாது' என்று சொல்லுறது செல்லாது.

அதனால் ஆங்கிலக் கவிதையைத் தமிழில் கொண்டுவருகிறவங்களிடம் எங்கட கோரிக்கை சின்னது. ஓசையை விடுறதென்றால் விடுங்க. ஆனால் கவிதைக்குக் கீழே நாலு வரி எழுதுங்க: கீல் எது என்று நினைச்சீங்க, எதை விட்டீங்க, எதைச் சேர்த்தீங்க. எழுத முடிந்தால் வாசிக்கிறோம், சண்டையும் பிடிக்கிறோம். எழுத முடியாவிட்டால், காப்பாத்தினதாகச் சொல்லுற அந்தக் 'கருத்து' எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளுவோம்.