“மிக” என்ற சொல்லும் முப்பத்தாறு கிராமும்

அறிவியல் கண்காட்சிக்கென எழுதப்பட்ட “கரைதல்” என்னும் கட்டுரையின் கையெழுத்துப் பிரதி, அச்சுக்குப் போகுமுன் திருத்துவதற்காக எங்கள் வகுப்பிலே நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுத்துப் பிழைகள் அதிகமில்லை. ஆனால் “மிக”, “மிகவும்”, “மிக மிக”, “அளவு கடந்த” ஆகிய சொற்களுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக் கொண்டே வந்தபோது, மூன்று பக்கங்களில் பத்தொன்பது கோடுகள் சேர்ந்துவிட்டன. அவற்றை எடுத்துவிட்டு அளவுகளை எழுத வேண்டும் என்பது எங்கள் கட்சி. அதற்குக் காரணம் உண்டு.

பிரதியின் முதற் பக்கத்திலிருந்த இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். “சமையல் உப்பு நீரில் மிக நன்றாகக் கரையும்.” “சர்க்கரை நீரில் மிக நன்றாகக் கரையும்.” இரண்டும் உண்மைதான். ஆனால் படிப்பவர் இரண்டும் ஒரே அளவு கரையும் என்றல்லவா எண்ணுவார்? 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் 36 கிராம் உப்பைத்தான் ஏற்கும். சர்க்கரையையோ ஏறக்குறைய 200 கிராம் வரை ஏற்றுக்கொள்ளும். ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட இந்த வேறுபாட்டை ஒரு “மிக” விழுங்கிவிட்டது.

இலக்கண வகுப்பில் உரிச்சொல் படித்திருக்கிறோம். நனி, தவ, கூர், உறு, சால, கழி என்று மிகுதியைக் குறிக்க ஆறு சொற்கள் நம் மொழியில் உண்டு. கவிதையில் அவை அழகு செய்கின்றன. அங்கே அவற்றை யாரும் தொட வேண்டாம். ஆனால் ஆறையும் அடுக்கி எழுதினாலும் எத்தனை கிராம் என்று தெரியாது.

இனி, திருத்திய விதத்தைச் சொல்கிறோம். கோடிட்ட ஒவ்வொரு சொல்லையும் மூன்று கேள்விகள் கேட்டோம். எவ்வளவு? எந்த நிலையில்? எதைவிட? உப்பைப் பற்றிய வாக்கியத்துக்கு விடை காண ஆய்வுக்கூடத்துக்கே போனோம். முகவையில் 100 மில்லி லிட்டர் நீர். வெப்பமானி காட்டியது 30 டிகிரி. உப்பை ஐந்தைந்து கிராமாக நிறுத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் முழுதும் கரையும்வரை கலக்கினோம். ஏழு முறை போட்டது, அதாவது 35 கிராம், கரைந்தது. எட்டாம் முறை போட்டதில் ஒரு பகுதி, அரைமணி நேரம் கலக்கிய பின்னும் அடியில் தங்கிவிட்டது. தங்கியது உப்புதானா, அல்லது உப்போடு வந்த மண்ணா என்று பார்க்க வேண்டுமல்லவா? மேலே இருந்த கரைசலைச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் நின்றதன் மேல் புதுநீர் விட்டோம். அது மறைந்துவிட்டது, ஆகவே உப்புதான்.

பாடநூலில் 36 கிராம் என்றிருக்கிறதே, அதையே எங்கள் அளவாக எழுதிவிடலாமே என்றாள் ஒரு தோழி. கூடாது என்றோம். ஐந்து கிராம் படியாக ஏறியவர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்தது 35-க்குக் குறையாது, 40-ஐ எட்டாது என்பது மட்டுமே. ஆகையால் “30 டிகிரியில் 100 மில்லி லிட்டர் நீரில் 35 கிராமுக்கும் 40 கிராமுக்கும் இடைப்பட்ட அளவு உப்பு கரைந்தது” என்றே எழுதினோம். எண் எழுதினால் மட்டும் துல்லியம் வந்துவிடாது. 35-ஐயும் 40-ஐயும் கூட்டிப் பாதியாக்கி “37.50 கிராம்” என்று எழுதினால், அந்தப் புள்ளிக்குப் பின்னாலுள்ள இலக்கங்கள் “மிக”வைவிடப் பெரிய பொய்.

இரண்டாம் பக்கத்து வாக்கியம் இன்னும் மோசம். “சூடாக்கினால் உப்பின் கரைதிறன் மிகவும் கூடும்.” கொதிநிலையில்கூட 100 கிராம் நீரில் கரைவது 39 கிராம் உப்புதான். கூடியது மூன்று கிராம்! வெடியுப்பைப் பற்றி இப்படி எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அது 20 டிகிரியில் 32 கிராமும், 60 டிகிரியில் 110 கிராம் அளவும் கரையும். எண்ணைத் தேடிப் போன பிறகுதான் அந்த வாக்கியமே தவறு என்பது வெளிப்பட்டது. “மிகவும்” இருந்தவரை அதை யாராலும் பிடித்திருக்க முடியாது.

எங்கள் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எண்ணைச் சோதிக்கலாம், தவறென்று காட்டலாம், திருத்தலாம். “மிக” என்பதை எந்தத் தராசிலும் வைக்க முடியாது.

இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ் 1785-இல் காற்றைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். காற்றோடு ஆக்சிஜனைச் சேர்த்து, மின்பொறி பாய்ச்சி, நைட்ரஜனைக் காரக் கரைசலில் உறிஞ்சச் செய்து, மிஞ்சிய ஆக்சிஜனையும் நீக்கினார். எல்லாம் போன பின்னும் ஒரு குமிழி எஞ்சியது. “மிகச் சிறிய குமிழி” என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ, அது நைட்ரஜனாகக் கருதப்பட்ட பகுதியில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று எழுதினார். நூறு ஆண்டுகள் கழித்து, ராலே பிரபு ஒரே கண்ணாடிக் கோளத்தில் இருவகை நைட்ரஜனை நிரப்பி நிறுத்தார். காற்றிலிருந்து எடுத்தது 2.310 கிராம், வேதிப்பொருள்களிலிருந்து எடுத்தது 2.299 கிராம். வேறுபாடு 11 மில்லி கிராம். அவரும் “சற்றே கனமானது” என்று எழுதியிருந்தால் செய்தி அத்தோடு முடிந்திருக்கும். அவரும் வில்லியம் ராம்சேயும் அந்த 11 மில்லி கிராமைப் பின்தொடர்ந்து 1894-இல் ஆர்கான் என்னும் புதிய வாயுவைக் கண்டனர். கேவண்டிஷின் பழைய குமிழி அதுவேதான். அதன் உண்மையான அளவு ஏறக்குறைய 85-இல் ஒரு பங்கு. கேவண்டிஷின் எண் சற்றுக் குறைவு. ஆனால் குறைவு என்று சொல்ல முடிகிறதே!

“எண்ணாகவே அடுக்கினால் கண்காட்சிக்கு வரும் பெற்றோர் யார் படிப்பார்கள்?” என்று கேட்டனர் சிலர். நியாயமான கேள்வி. அதனால் பத்தொன்பது இடங்களுக்கும் நாங்கள் எண் தரவில்லை. “மிக முக்கியமான சோதனை” போன்ற ஒன்பது இடங்களில் சொல்லை அடித்துவிட்டோம். வாக்கியம் ஒன்றும் இழக்கவில்லை. எட்டு இடங்களில் எண் வந்தது. ஓரிடத்தில் “மிக”வை அப்படியே விட்டோம். மருந்து நியமநூல்களில் “மிக எளிதில் கரைவது” என்றால், ஒரு கிராம் பொருளுக்கு ஒரு மில்லி லிட்டருக்கும் குறைவான நீரே போதும் என்று பொருள் வகுத்திருக்கிறார்கள். சர்க்கரை அந்த வகை. உப்புக்கு ஏறக்குறைய 2.8 மில்லி லிட்டர் வேண்டும்; அது அடுத்த வகை. இப்படி எல்லை கட்டிய பின் அந்தச் சொல்லும் ஓர் அளவுகோலாகிவிடுகிறது.

பத்தொன்பதாவது, “மயில்துத்தக் கரைசல் மிகவும் கருநீலமாக இருந்தது” என்பது. நிறத்தை எதைக்கொண்டு நிறுப்பது என்று முதலில் விழித்தோம். பிறகு 100 மில்லி லிட்டர் நீரில் 1, 2, 5, 10, 20 கிராம் வீதம் கரைத்த மயில்துத்தத்தை, ஒரே பருமனுள்ள ஐந்து சோதனைக் குழாய்களில் ஒரே உயரத்துக்கு ஊற்றி, வெள்ளைத் தாளின் முன் வரிசையாக நிறுத்தினோம். கண்காட்சிக் கரைசலை அந்த வரிசையில் நகர்த்திப் பார்த்தோம். நால்வரும் தனித்தனியே பார்த்து ஒரே இடத்தைக் காட்டினோம். “10 கிராம் குழாயைவிட அடர்ந்தும், 20 கிராம் குழாயைவிட வெளிறியும் இருந்தது” என்று பிரதியில் எழுதிவிட்டு, ஐந்து குழாய்களையும் தாங்கியோடு கண்காட்சி மேசையில் வைத்திருக்கிறோம்.