செல்லர் அக்கவுண்ட் தொடங்குறதுக்கு முன்னாடி உங்க இனிஷியலைப் பாருங்க!

சம்பளத்தோட சேர்த்து அமேசான், ஃப்ளிப்கார்ட் மாதிரி தளங்கள்ல ஏதாவது வித்துப் பார்க்கலாம்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்குறது, "என்னென்ன டாக்குமெண்ட் வேணும்?" பான், ஆதார், பேங்க் கணக்கு, முகவரிச் சான்று. வெளிமாநிலத்துக்கும் விக்கணும்னா பெரும்பாலான பொருட்களுக்கு ஜிஎஸ்டி பதிவு. அவ்வளவுதான். ஜிஎஸ்டி தவிர மத்ததெல்லாம் ஏற்கெனவே உங்க கையில இருக்கும்.

ஆனா என்னைக் கேட்டா, கேக்க வேண்டிய கேள்வியே வேற: "இது எல்லாத்துலயும் என் பேரு ஒரே மாதிரி இருக்கா?"

நமக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்? காரணம் இனிஷியல். கார்த்திக்னு ஒருத்தர், அப்பா பேரு சுப்பிரமணியன்னு வெச்சுக்குவோம். பான் விண்ணப்பத்துல இனிஷியலை ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சுத்தான் எழுதணும். அதனால பான்ல KARTHIK SUBRAMANIAN. ஆதார்ல Karthik S. காலேஜ் படிக்கும்போது திறந்த பேங்க் கணக்குல S KARTHIK. நமக்கு மூணும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூணு பேரு!

இது எங்க இடிக்கும்னு பாருங்க. தனிநபரா ஜிஎஸ்டி எடுத்தா, உங்க சட்டப்பூர்வப் பெயர் பான்ல இருந்துதான் வரும். கடைக்கு நீங்க வைக்கிற பேரு வேற, அது எதுவா வேணா இருக்கலாம். அடுத்து, விற்பனைத் தளம் உங்க பேங்க் கணக்குக்கு ஒரு சின்னத் தொகை அனுப்பி, பேங்க் திருப்பிச் சொல்ற பேரை இதோட ஒப்பிடும். அங்க S KARTHIKனு வந்தா சரிபார்ப்பு நின்னு போக வாய்ப்பு இருக்கு. பணம் வரவேண்டிய இடத்துலதான் சிக்கல்!

அப்போ எதை மாத்துறது? பானை அடிப்படையா வெச்சுக்குங்க, பேங்க்ல பேரை மாத்துங்க. பான் நகலோட கிளைக்குப் போய் ஒரு கடிதம் கொடுங்க, வேற என்ன டாக்குமெண்ட் வேணும்னும் கேட்டுக்குங்க. இன்னும் நல்ல வழி, இதுக்குன்னே பான்ல இருக்கிற பேருலயே தனியா ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறக்குறது. சம்பளக் கணக்குல வியாபாரப் பணத்தைக் கலந்தா வருஷக் கடைசியில கணக்குப் பார்க்கும்போது நீங்கதான் திண்டாடுவீங்க.

ஆதாரை மட்டும் அவசரப்பட்டு மாத்தாதீங்க. அதுல பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் மாத்த முடியும். உங்க பிஎஃப்-ஓட யூஏஎன் ஆதார் பேரை நம்பித்தான் இருக்கு. இதை மாத்தினா அங்கேயும் திருத்தணும். எழுத்துப்பிழையோ பிறந்த தேதி வித்தியாசமோ இருந்தா மட்டும் திருத்துங்க. ஆனா ஆதார்ல இருக்கிற மொபைல் நம்பர் இப்பவும் உங்க கையில இருக்கான்னு கட்டாயம் பாருங்க. ஓடிபி அதுக்குத்தான் வரும்.

அடுத்தது முகவரி. ஆதார்ல விருதுநகர், இருக்குறது சென்னையில வாடகை வீடு. இது பிரச்சனையே இல்ல. ஜிஎஸ்டி கேக்குறது வியாபாரம் நடக்குற இடத்துக்கான சான்று. அதுக்கு வீட்டு ஓனர் பேர்ல இருக்கிற ஈபி பில்லும் உங்க வாடகை ஒப்பந்தமும் வேணும். அப்பா பேர்ல சொந்த வீடுன்னா, ஈபி பில்லோட அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம்.

சிக்கல் கதவு எண்ல வரும். ஈபி பில்லுல பழைய எண், ஒப்பந்தத்துல புது எண்னு இருந்தா, அதிகாரிக்கு அது ரெண்டு வீடு. ஒப்பந்தம் எழுதும்போதே ரெண்டு எண்ணையும் போடச் சொல்லுங்க. ஓனர் பேரும் பில்லுல இருக்கிற மாதிரியே இருக்கணும். சந்தேகம் வந்தா போர்ட்டல்ல REG-03 நோட்டீஸ் வரும். பதில் சொல்ல 7 வேலை நாள்தான். ஆபீஸ் டென்ஷன்ல மெயிலைப் பார்க்காம விட்டா விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். தளத்துல கொடுக்குற பிக்கப் முகவரியும் ஜிஎஸ்டில பதிஞ்ச இடமாவே இருக்கட்டும்.

அதனால ரிஜிஸ்டர் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்க. ஒரு தாள்ல பான், ஆதார், பேங்க், ஈபி பில், ஒப்பந்தம்னு அஞ்சு வரி. ஒவ்வொண்ணுலயும் இருக்கிற பேரையும் முகவரியையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்க. ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. எந்த வரி இடிக்குதோ, அதைச் சரி பண்ணுங்க. அதுக்கப்புறம் எந்தப் பொருளை விக்கலாம்னு யோசிக்கலாம்.